நூறு பேருக்கு எத்தனை பேர்?

வணக்கம் நேயர்களே. சார்பு விகிதம் என்றால் என்ன என்பதை இன்று பார்ப்போம். கூட்டவும் வகுக்கவும் தெரிந்தால் போதும். ஒரு பகுதியின் மக்களை வயதுப்படி மூன்றாகப் பிரியுங்கள்: 15 வயது நிரம்பாதவர்கள், 15 முதல் 59 வரை, 60ம் அதற்கு மேலும்.

2011 கணக்கெடுப்பின் கேரளத்தை எடுத்துக்கொள்வோம். நூறு பேரில் ஏறத்தாழ 23 பேர் சிறுவர்கள், 13 பேர் முதியவர்கள், நடுவில் 64 பேர். இந்த 64தான் உழைக்கும் வயதினரின் பங்கு. இப்போது 23ஐயும் 13ஐயும் கூட்டினால் 36. அதை 64ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள், 56 வரும். அதாவது உழைக்கும் வயதில் இருக்கும் நூறு பேருக்கு மற்றவர்கள் 56 பேர். இதுதான் சார்பு விகிதம். அந்த 36ஐ மொத்த மக்கள்தொகையால் வகுத்துவிடக் கூடாது. அடிக்கடி நடக்கும் பிழை அது.

விடையை அப்படியே விட்டுவிடாமல் இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கேரளத்தின் 56இல் சிறுவர் பங்கு 36, முதியோர் பங்கு 20. அதே ஆண்டில் இந்தியா முழுவதற்கும் மொத்தம் 65 வாக்கில் இருந்தது. அதில் சிறுவர் 51, முதியோர் 14. மொத்தத்தை மட்டும் பார்த்தால் கேரளத்தின் சுமை குறைவு என்றே தோன்றும். ஆனால் அங்கே கேட்கப்படுவது முதியோருக்கான மருத்துவமும் ஓய்வூதியமும்; நாடு முழுவதற்கும் பெரிய தேவை பள்ளிக்கூடமும் தடுப்பூசியும்.

நான் விடாமல் சொல்லிவரும் ஒன்று: எல்லை வயதைக் கேளுங்கள்! நம் நாட்டில் பெரும்பாலும் 60, ஐ.நா. அட்டவணைகளிலோ பெரும்பாலும் 65. அந்த 13 முதியவர்களில் 4 பேர் 60 முதல் 64 வயதினர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களை நடுவுக்கு மாற்றினால் 32ஐ 68ஆல் வகுக்கிறோம்; 56 என்பது 47 ஆகிவிடும். ஊரில் ஒருவர்கூட மாறவில்லை, எண் மட்டும் மாறியது. எனவே இரண்டு பகுதிகளை ஒப்பிடும் முன், இரண்டுக்கும் எல்லை ஒன்றுதானா என்று பாருங்கள்.

அந்த எல்லையில் இன்னொரு சிக்கலும் உண்டு. வயது சரியாகத் தெரியாதவர்கள் 58, 61 என்று சொல்வதில்லை. 60 என்று முழுதாகச் சொல்லிவிடுவார்கள். ஒவ்வொரு வயதுக்கும் தனித்தனியே எண்ணிக்கை தரும் அட்டவணையில் 59க்கும் 61க்கும் நடுவே 60 மட்டும் எகிறி நின்றால், முதியோர் எண்ணிக்கை சற்றே ஊதியிருக்கிறது என்று அறியலாம்.

நேரம் குறைவு, வேகமாகச் சொல்கிறேன். இது வயதுக் கணக்கு, வேலைக் கணக்கு அல்ல. கல்லூரியில் படிக்கும் 20 வயதுப் பெண் நடுவில் இருக்கிறார். 65 வயதில் வயலில் இறங்குபவர் சார்ந்தவராகிறார். வளைகுடாவில் உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் மலையாளி, கேரளத்தின் 64இல் சேரமாட்டார். அவருடைய பெற்றோர் 13இல் இருப்பார்கள். ஆகவே வெளியூர் போனவர்கள் நிறைந்த மாவட்டத்தின் விகிதத்தைப் படிக்கும்போது, பக்கத்திலேயே இடப்பெயர்வு அட்டவணையும் இருக்கட்டும். நன்றி, வணக்கம்.