பதவி உயர்வுக் கோப்பின் தன்னிலை அறிக்கை: மூன்று பணிகளும் ஓர் இழையும்

(இளம் பேராசிரியர்களுக்கான பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பார்ந்த பேராசிரியப் பெருமக்களே, வணக்கம்.

பதவி உயர்வுக் கோப்பில் பல ஆவணங்கள் இருக்கின்றன. அவற்றுள் நீங்களே உங்கள் பணியை விளக்கிப் பேசும் இடம் தன்னிலை அறிக்கை. அதை யார் படிக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் துறையை நன்கறிந்த வெளி மதிப்பீட்டாளர்கள் அதை உங்கள் கட்டுரைகளோடு சேர்த்துப் படிப்பார்கள். பிறகு துறைக்குழு படிக்கும். அதற்கும் மேலுள்ள குழுவில் வேதியியலாரும் வரலாற்றாசிரியரும் பொறியியலாரும் அமர்ந்திருப்பார்கள்; உங்கள் கட்டுரையின் தலைப்பே அவர்களுக்கு விளங்காமல் போகலாம். நிபுணருக்கு மேலோட்டமாகத் தோன்றக் கூடாது, பிறதுறையாருக்குப் பூட்டிய கதவாகவும் இருக்கக் கூடாது என்ற இரண்டு கடமைகளையும் சில பக்கங்கள் சுமக்க வேண்டியிருக்கிறது.

பெரும்பாலான அறிக்கைகள் ஆய்வு, கற்பித்தல், சேவை என்று மூன்று தலைப்புகள் இட்டு, தன்விவரக் குறிப்பில் ஏற்கெனவே உள்ள பட்டியலை வாக்கியங்களாக மாற்றித் தருகின்றன. அதில் தவறான செய்தி எதுவும் இல்லை, புதிய செய்தியும் இல்லை. இந்த மூன்றும் எப்படி ஒரே மனிதரின் பணியாயின என்பதைத்தான் குழு அறிய விரும்புகிறது. அதை வேறு எந்த ஆவணமும் சொல்லாது.

எடுத்துக்காட்டுக்காக ஒரு புள்ளியியல் பேராசிரியரைக் கற்பனை செய்துகொள்வோம். கணக்கெடுப்புகளில் பதில் அளிக்காதவர்களால் முடிவுகள் எவ்வாறு பிறழ்கின்றன என்பது அவருடைய ஆய்வு. பட்ட வகுப்பில் கணக்கெடுப்பு முறைகள் என்ற பாடத்தை நடத்துகிறார். மாணவர் கருத்தறியும் குழுவுக்குத் தலைவராக இருந்திருக்கிறார். சேர்க்கைக் குழுவிலும் பணியாற்றியிருக்கிறார். முதல் வரைவில் அவர் இப்படி எழுதுகிறார்: “என் ஆய்வு விடுபட்ட தரவுகளைப் பற்றியது. நான் நான்கு பாடங்களைக் கற்பித்துள்ளேன். பல குழுக்களில் பங்காற்றியுள்ளேன். இவை மூன்றும் ஒன்றையொன்று வளப்படுத்துகின்றன.” கடைசி வாக்கியத்தை எந்தத் துறையின் எந்தப் பேராசிரியரும் எழுதலாம், ஆகவே அது இவரைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

அவர் முதலில் தேட வேண்டியது, மூன்று பணிகளிலும் தம்மை விடாமல் தொடர்ந்து வந்த கேள்வியை. இவருக்கு அது எளிதில் கிடைக்கிறது: பதில் சொல்லாதவர்களைப் பற்றி நாம் நேர்மையாக என்ன சொல்ல முடியும்? கேள்வி கிடைத்ததும், பிறதுறையார் ஒரே மூச்சில் புரிந்துகொள்ளும் ஒரு கணக்கால் அதை விளக்க வேண்டும். ஆயிரம் பட்டதாரிகளிடம் வேலை கிடைத்ததா என்று கேட்கிறோம்; 400 பேர் பதில் தருகிறார்கள்; அவர்களில் 320 பேருக்கு வேலை இருக்கிறது. 80 விழுக்காடு என்று அறிவித்துவிடலாம். ஆனால் பதில் தராத 600 பேரில் பாதிப்பேருக்கே வேலை இருந்தால், மொத்தம் 620 பேர், அதாவது 62 விழுக்காடுதான். இந்த 18 புள்ளி இடைவெளியைப் பதில் தந்தவர்களின் எண்ணிக்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. இரு சாராருக்கும் இடையேயுள்ள வேறுபாடும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. இவ்வளவு சொன்னால் வேதியியலாருக்கும் அந்த ஆய்வு எதற்காக என்று விளங்கிவிடும். அதன் பிறகு இரண்டு பத்திகளில், அந்த வேறுபாட்டை மதிப்பிடத் தாம் உருவாக்கிய முறை என்ன, முந்தைய முறைகள் எங்கே தவறின, கூட்டுக் கட்டுரைகளில் தம் பங்கு எது என்பதை நிபுணருக்காக எழுதலாம். இந்த இடத்தில் இதழ்களின் தாக்கக் காரணியை அடுக்குவது வீண் என்பது என் கருத்து. தனியொருவரின் நியமனத்துக்கும் உயர்வுக்கும் அந்த எண்ணை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது என்று ஆய்வு மதிப்பீடு குறித்து 2013-இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் வெளிப்படையாகவே கூறுகிறது.

இனி கற்பித்தலுக்கு வருவோம். “ஆய்வை வகுப்பறைக்குக் கொண்டுசென்றேன்” என்றால் போதாது. எதைக் கொண்டுசென்றார், அதனால் என்ன மாறியது என்று சொல்ல வேண்டும். அவருடைய மாணவர்கள் ஒரு சிறு கணக்கெடுப்பை நடத்திவிட்டு, பதில் தராதவர்களில் சிலரை மட்டும் தேர்ந்தெடுத்து மீண்டும் அணுகி, இரு பிரிவினரின் விடைகளையும் ஒப்பிடுகிறார்கள். இந்தப் பயிற்சியில் மாணவர்கள் எழுப்பிய ஐயம் ஒன்று, தாமதமாகப் பதில் தருபவர்கள் பதிலே தராதவர்களைப் போன்றவர்களா என்பது. அது அவருடைய பிந்தைய கட்டுரை ஒன்றின் தொடக்கமாயிற்று. வகுப்பிலிருந்து ஆய்வுக்கும் வழி உண்டு என்பதை இப்படிக் காட்டும்போதுதான் அறிக்கை நம்பத்தக்கதாகிறது.

மாணவர் மதிப்பீட்டு எண்களை எழுதும் இடத்திலும் அந்த இழை அறுபடக் கூடாது. அறுபது பேர் கொண்ட வகுப்பில் 21 பேர் மட்டுமே படிவம் நிரப்பி, சராசரி ஐந்துக்கு 4.5 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தம் வாழ்நாள் ஆய்வே பதில் தராதவர்களைப் பற்றியதாக இருக்கும் ஒருவர், மீதி 39 பேரை மறந்து அந்தச் சராசரியைப் பெருமையாகக் குறிப்பிட்டால், கூர்மையான மதிப்பீட்டாளர் அங்கேயே பேனாவைக் கீழே வைத்துவிடுவார். பதில் விகிதத்தையும் சேர்த்துச் சொல்லி, சக ஆசிரியர் வகுப்பைப் பார்த்து எழுதிய அறிக்கையையும் மாணவர் ஒப்படைப்புகளின் மாதிரிகளையும் கூடுதல் சான்றாகக் காட்டுவதே அவருக்குப் பொருந்தும்.

சேவையில் கருத்தறியும் குழு இயல்பாகவே இழையில் சேர்ந்துவிடுகிறது: படிவத்தைச் சுருக்கினார், அறிக்கையில் பதில் விகிதத்தையும் வெளியிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். சேர்க்கைக் குழு சேராது. அதை வலிந்து இழுத்து வந்து “இதுவும் ஒருவகையில் தரவுதானே” என்று எழுத வேண்டாம். கடமையாகச் செய்த பணி என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஒட்டாததை ஒட்டவைக்கும் முயற்சி, உண்மையாகவே ஒட்டியிருப்பவற்றின் மீதும் ஐயத்தை உண்டாக்கிவிடுகிறது.

எழுதி முடித்ததும் நீங்கள் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். “இதனால்”, “இதிலிருந்து”, “இதன் விளைவாக” என்று வரும் ஒவ்வோர் இடத்தையும் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் கோப்பில் வேறோர் ஆவணம் சாட்சியாக இருக்கிறதா என்று பாருங்கள்: பாடத்திட்டம், ஒப்படைப்புத் தாள், குழுவின் அறிக்கை, கட்டுரையின் நன்றியுரை. பிறகு ஆண்டுகளை ஒப்பிடுங்கள். 2016-இல் வெளிவந்த கட்டுரையிலிருந்து 2012-இல் தொடங்கிய பயிற்சி பிறந்தது என்று எழுதியிருந்தால், தன்விவரக் குறிப்பை அருகில் வைத்துப் படிப்பவர் அதை உடனே கண்டுபிடிப்பார். பயிற்சியே முன்னது என்றால் அப்படியே எழுதுங்கள். கதை தலைகீழானாலும் வலிமை குறையாது. சாட்சி எதுவும் கிடைக்காத இணைப்பை நீக்கிவிடுங்கள்.

மூன்று தலைப்புகளும் தனித்தனியே இருக்க வேண்டும் என்று உங்கள் நிறுவனத்தின் விதி கூறினால், அதற்குக் கீழ்ப்படியுங்கள். குழுவினர் தலைப்பு வாரியாகவே மதிப்பீட்டை எழுத வேண்டியிருக்கும். அப்போது முதல் பத்தியில் கேள்வியை வைத்துவிட்டு, ஒவ்வொரு தலைப்பின் முதல் வாக்கியத்திலும் அதைத் தொட்டுச் செல்லலாம்.

எதிர்காலத் திட்டமும் அந்தக் கேள்வியிலிருந்தே எழ வேண்டும். நம் புள்ளியியலாருக்கு அது, தாமதமாகப் பதில் தருபவர்களைப் பற்றிய ஆய்வை நெடுங்காலக் கணக்கெடுப்புகளுக்கு விரிப்பதாகவும், அதற்கான தரவைத் தொகுப்பதில் முதுநிலை மாணவர்களைப் பயிற்றுவிப்பதாகவும் இருக்கலாம். எந்தத் தரவு ஏற்கெனவே கையில் இருக்கிறது, எந்தப் பகுதி இன்னும் தொடங்கப்படவில்லை என்பதை அந்தப் பத்தியிலேயே பிரித்து எழுதிவிட வேண்டும்.