கடுகுச் செடியின் நிழலில்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். இன்று நான் பேச நினைப்பது இருபது, முப்பது பேர் மட்டுமே கூடுகிற சபைகளில் இருப்பவர்களோடு. நானும் அப்படி ஒரு சபையின் போதகன்தான். கொருக்குப்பேட்டையில், தண்டவாளத்தை ஒட்டிய தெருவில், தகர ஷீட் போட்ட ஒரு வாடகைக் கூடத்தில் ஆராதிக்கிறோம். சரக்கு ரயில் வந்தால் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, அது கடந்து போகும்வரை காத்திருப்போம்.

ஒரு காலத்தில் எங்கள் சபையில் நாற்பத்தாறு குடும்பங்கள் இருந்தன. இப்போது பத்தொன்பது. யாரும் விசுவாசத்தை விட்டுப் போகவில்லை. கால்வாய் ஓரத்தில் இருந்த வீடுகளை எடுத்தபோது பல குடும்பங்கள் பெரும்பாக்கம் அடுக்குமாடிக்குப் போனார்கள். ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனை. கைக்குழந்தையோடு பஸ் மாறி மாறி ஞாயிற்றுக்கிழமை வா என்று யாரிடம் சொல்ல முடியும்? பிள்ளைகள் சிலர் வேலைக்காக வெளியூர் போனார்கள். இன்னும் சிலர் இசைக்குழுவும் ஏசியும் உள்ள பெரிய சபைகளுக்குப் போகிறார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் கூடத்தின் பின்சுவர் ஓரம் சிவப்பு நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, அந்த அடுக்கு வருஷா வருஷம் உயர்ந்துகொண்டே வந்தது. பிரசங்கம் செய்யும்போது என் கண் நேராக அங்கேதான் போகும்.

எங்கள் சபையில் ஒரு ஆயா இருக்கிறார். காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்றவர். ஆராதனை முடிந்ததும், "இன்னிக்கு எத்தினி பேரு பாஸ்டர்?" என்று கேட்பார். ஒருநாள், "இருபத்தாறு ஆயா, குழந்தைங்களையும் சேத்து" என்றேன். அவர், "அப்ப கடுகு மாதிரி இருக்கோம். ஆண்டவரு மரமாக்கிடுவாரு" என்றார். ஆறுதலுக்காகத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தையோடு நான் பல மாதம் போராடினேன். நம் சபைதான் கடுகு, ஒருநாள் அது பெரிய சபையாகும் என்றுதான் இயேசு சொன்னாரா?

சரி, வேதத்தைத் திறப்போம். மத்தேயு 13, மாற்கு 4, லூக்கா 13 ஆகிய மூன்று இடங்களில் இந்த உவமை வருகிறது. "பரலோகராஜ்யம் கடுகுவிதைக்கு ஒப்பாயிருக்கிறது" என்று மத்தேயு தொடங்குகிறார். கடுகுக்கு ஒப்பாகச் சொல்லப்பட்டது தேவனுடைய ராஜ்யம். நம் சபை இல்லை, நம் விசுவாசமும் இல்லை. "கடுகுவிதையளவு விசுவாசம்" என்பது மத்தேயு 17-ல் வருகிற வேறொரு பேச்சு. இரண்டையும் நாம் ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். கலந்ததும் சுமை நம் தலைக்கு வருகிறது. விசுவாசம் போதவில்லை, அதனால்தான் சபை வளரவில்லை என்று நம்மை நாமே குற்றப்படுத்திக்கொள்கிறோம். என் வீட்டில் பல இரவுகள் இப்படிப் போயிருக்கின்றன.

கடுகு என்றதும் தமிழர்களாகிய நமக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. "கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்ற பழமொழி உடனே வாயில் வந்துவிடும். நானே அதை வைத்துப் பிரசங்கம் செய்திருக்கிறேன். ஆனால் உவமையில் காரத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அஞ்சறைப் பெட்டியிலிருந்து எடுத்து எண்ணெயில் போட்டுப் பொரியவிடுகிற கடுகைத்தான் நமக்குத் தெரியும். பொரிந்த கடுகு முளைக்காது. இயேசு பேசுவது ஒரு மனுஷன் எடுத்து நிலத்தில் போட்ட கடுகைப் பற்றி. அது சின்னதாக இருந்தும் வீரியமாக இருக்கிறது என்று அவர் பெருமை சொல்லவில்லை. மண்ணுக்குள் போய்க் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தபின் அதற்கு என்ன நடந்தது என்றுதான் சொல்கிறார்.

"சகல பூண்டுகளிலும் பெரிதாகி" என்று படிக்கும்போது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ரசத்தில் போடும் பூண்டு இல்லை. புல்பூண்டு என்கிறோமே, அந்தப் பூண்டு. செடி வகைகளிலேயே பெரியது என்று அர்த்தம். கலிலேயாவில் கருங்கடுகு ஆள் உயரத்தைத் தாண்டி வளரும், பத்தடிகூடப் போகும். விதையோ ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. இருந்தாலும் அது ஒருவருஷச் செடி. மழைக்கு முளைத்து, பூத்து, காய்த்து, வெயிலில் காய்ந்துபோகும்.

அன்றைக்குக் கேட்டவர்களுக்கு இது எவ்வளவு வித்தியாசமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவர்கள் மனதில் வேறொரு மரம் இருந்தது. எசேக்கியேல் 17-ல் கர்த்தர் ஒரு இளங்கிளையைக் கிள்ளி உயரமான மலையில் நடுவேன் என்கிறார். அது மகிமையான கேதுருவாகும், எல்லாப் பறவைகளும் அதன் நிழலில் தங்கும். லீபனோனின் கேதுரு நூறடி வளரும், சாலொமோன் தேவாலயத்துக்கு வெட்டிக் கொண்டுவந்த மரம். தானியேல் 4-ல் நேபுகாத்நேச்சார் ராஜா கனவில் கண்டதும் வானத்தை எட்டுகிற மரம்தான். அதிலும் பறவைகள் இருந்தன, அது வெட்டப்பட்டது. ராஜ்யம் என்றால் கேதுரு என்று காத்திருந்த ஜனத்திடம் இயேசு கொல்லைப்புறத்துக் கடுகுச்செடியைக் காட்டினார். மலை இல்லை, கேதுரு இல்லை. ஆனால் பறவைகளையும் நிழலையும் மட்டும் விடாமல் எடுத்துக்கொண்டார். மாற்கு அதை, "ஆகாயத்துப் பறவைகள் அதினுடைய நிழலின்கீழ் வந்தடையத்தக்க பெரிய கிளைகளை விடும்" என்று எழுதுகிறார்.

இதைப் புரிந்துகொண்டபின் என் கேள்வி மாறியது. நாம் எப்போது பெரிதாவோம் என்று கேட்பதை விட்டுவிட்டு, நம்மிடத்தில் யாருக்காவது நிழல் கிடைக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். பல நாள் வடியவில்லை, கரண்டும் இல்லை. எங்கள் கூடம் நாலு படி உயரத்தில் இருப்பதால் உள்ளே கணுக்காலோடு நின்றது. பத்தொன்பது குடும்பங்களில் யார் வீட்டில் அரிசி இருந்ததோ கொண்டுவந்தார்கள். மேடைமேல் கேஸ் அடுப்பை வைத்து மூன்று நாள் தக்காளி சாதமும் கஞ்சியும் ஆக்கினோம். ராத்திரி பெஞ்சுகளில் பக்கத்து வீட்டுக் குழந்தைகளும் வயதானவர்களும் படுத்தார்கள். அவர்களில் ஒருவர்கூட எங்கள் சபையார் இல்லை. தண்ணீர் வடிந்தது, வீட்டுக்குப் போனார்கள். அடுத்த ஞாயிறு அவர்களில் எத்தனை பேர் ஆராதனைக்கு வருவார்கள் என்று நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை. ஆயாவிடம் சொன்னபோது, "நெழலுக்கு வந்த குருவிகிட்ட வாடகையா கேப்ப பாஸ்டர்?" என்றார்.

அந்தப் பொங்கல் முடிந்ததும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோடு கடுகு விதைத்தேன். மளிகைக் கடையில் வாங்கிய சமையல் கடுகுதான், மூன்று மண்தொட்டிகளில் போட்டோம். முதல் தொட்டியில் விதைமேல் மெல்லியதாக மண் தூவினோம். இரண்டாவதில் ஒரு பையன் ஆர்வத்தில் விரல் முழுக்க அழுத்திப் புதைத்தான். மூன்றாவதை இரண்டு சிறுமிகள் தினமும் குச்சியால் கிளறி, முளைத்துவிட்டதா என்று பார்த்தார்கள். நாலாம் நாள் முதல் தொட்டி பச்சையானது. இரண்டாவதில் இரண்டே முளை. இவ்வளவு சின்ன விதைக்குள் இருக்கிற உணவு, வெளிச்சத்தை எட்டும்வரை கொஞ்ச தூரம் வருவதற்குத்தான் போதும். ஆழம் அதிகமானால் வழியிலேயே தீர்ந்துபோகும். மூன்றாவது தொட்டியில் ஒன்றுமே வரவில்லை. முளைவிட்ட வேர்களைக் குச்சி அறுத்திருந்தது.

அந்த மூன்றாவது தொட்டியைப் பார்த்தபோது என் நோட்டு நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் எத்தனை பேர் என்று எழுதி, போன வாரத்தோடும் போன வருஷத்தோடும் ஒப்பிட்டு, இரவெல்லாம் தோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாற்கு 4-ல் கடுகு உவமைக்கு முன்னால் இன்னொரு சின்ன உவமை இருக்கிறது. விதைத்தவன் இரவில் தூங்குகிறான், பகலில் எழுந்திருக்கிறான். அவனுக்குத் தெரியாத விதமாய் விதை முளைத்துப் பெருகுகிறது. நிலம் "தானாய்க்" கொடுக்கும் என்கிறார் ஆண்டவர். விதைத்தவன் தூங்கலாம் என்று அவரே அனுமதி தருகிறார். நோட்டை நான் தூக்கிப் போடவில்லை, போதகனுக்கு அது வேண்டும். ஆனால் கூட்டுத்தொகை எழுதுவதை நிறுத்திவிட்டேன். யார் வரவில்லையோ அவர்கள் பேரை மட்டும் எழுதி, செவ்வாய்க்கிழமைக்குள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிடுகிறேன்.

முதல் தொட்டிச் செடிகள் பிள்ளைகளின் மார்பளவு வளர்ந்தன. நாற்பது நாளில் மஞ்சள் பூ. அப்புறம் அசுவினி வந்தது, தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவினோம். காய்கள் முற்றியபோது செடி காய்ந்துவிட்டது. "பாஸ்டர், செத்துப்போச்சு" என்று ஒரு பெண்குழந்தை வந்து சொன்னாள். காய்ந்த நெற்று வெடித்து, விதை தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. இயேசு வாழ்ந்த அதே நூற்றாண்டில் பிளினி என்ற ரோமர், கடுகை ஒருமுறை விதைத்தால் அந்த இடத்திலிருந்து அதைப் போக்குவது கஷ்டம், விழுந்ததுமே முளைக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார். எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. மழை வந்தபோது தொட்டிக்கு மூன்றடி தள்ளி, சுவர் வெடிப்பில் நாலு கடுகுச்செடி நின்றது.

பெரும்பாக்கம் போன குடும்பங்களை நான் பல வருஷம் இழப்புக் கணக்கில்தான் வைத்திருந்தேன். அங்கே போனவர்களில் ஒரு அக்கா, வியாழக்கிழமை சாயங்காலம் தன் வீட்டில் பாய் விரித்து, பக்கத்து வாசல்காரர்களைக் கூப்பிட்டு ஜெபித்துவருகிறார். தொடங்கும்போது நான்கு பேர். மாதத்தில் ஒரு வியாழன் நானும் போகிறேன். போன தடவை அந்தச் சின்ன அறையில் இடம் போதாமல் இரண்டு பேர் வராண்டாவில் நின்றார்கள். முட்டிவலிக்காரர்களுக்குத் தரையில் உட்கார முடியவில்லை. கிளம்பும்போது அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பாஸ்டர், நம்ம கூடத்துல பின்னாடி சும்மா அடுக்கி வெச்சிருக்கிற சேர்ல ஒரு பத்து எங்களுக்குக் குடுப்பீங்களா?"

வருகிற வியாழக்கிழமை மதியம், அந்த அடுக்கிலிருந்து பன்னிரண்டு நாற்காலிகளை எடுத்துத் துடைத்து, மினி லாரியில் ஏற்றுகிறோம். ஆயாவும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.