சிம் இல்லாத போனில் 1990 எடுபடுமா? 119 எடுபடுமா?

கேள்வி: "அண்ணா, அம்மம்மாவிட்ட ஒரு பழைய போன் இருக்கு, சிம் இல்லை. என்ர போனில சிம் இருக்கு, காசுதான் அடிக்கடி முடிஞ்சிடும். இரவில ஒண்டு நடந்தா இந்த ரெண்டில எதிலயாவது அம்புலன்சுக்கு எடுக்கலாமோ?"

தங்கச்சி, இரண்டு போனிலும் வழி இருக்கிறது. ஆனால் இரண்டும் வேறு வேறு வழி. எந்தப் போனில் எந்த எண்ணை அழுத்துவது என்பதில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள்.

முதலில் உங்கள் போன். சிம் இருக்கிறது, காசு மட்டும் இல்லை. காசு முடிந்தாலும் உங்கள் சிம் நெட்வேர்க்கில் பதிவாகித்தான் இருக்கும். மேலே கம்பனியின் பெயர் தெரியும், மற்றவர்கள் எடுத்தால் கோல் வரும். இலங்கையில் அம்புலன்சுக்கான 1990 காசு பிடிக்காத எண். நெட்வேர்க் உங்கள் மீதியைப் பார்த்துத் தடுக்காமல் கோலை விட்டுவிடும். ஆகவே ரீலோட் இல்லாத போனில் 1990 ஐ நேராக அழுத்துங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016 இல் தெற்கிலும் மேற்கிலும் தொடங்கி, 2018 இல் வடக்குக்கும் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் ஆட்களுக்கு அம்புலன்ஸ் என்றால் 1990 தான். அது நல்ல விஷயம். ஆனால் அந்த எண் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டதால்தான் சிம் இல்லாத போனிலும் அதையே அழுத்திவிட்டு, "எடுபடவில்லை" என்று போனைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

ஏன் எடுபடவில்லை என்று சொல்கிறேன். நெட்வேர்க்கைப் பொறுத்தவரை 1990 ஒரு சாதாரண கோல். காசு பிடிக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். சாதாரண கோல் போக, நெட்வேர்க் ஏற்றுக்கொண்ட ஒரு சிம் வேண்டும். அவசர கோல் என்பது வேறு வகை. அது எந்த எண்ணுக்கு உண்டு என்பதை முதலில் முடிவு செய்வது உங்கள் கையில் இருக்கும் போன்தான். போனுக்குள் ஒரு சின்னப் பட்டியல் இருக்கிறது. உலகம் முழுக்கப் போன் தயாரிக்கும் கம்பனிகள் பின்பற்றும் தரநிலையில் உள்ள பட்டியல் அது. 112, 911 இரண்டும் எப்போதும் அவசர எண்கள், சிம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. சிம் இல்லாதபோது இன்னும் சில எண்கள் சேரும்: 000, 08, 110, 118, 119, 999. எங்கள் பொலிஸ் எண் 119 அதில் இருக்கிறது, பாருங்கள். ஜப்பானிலும் கொரியாவிலும் 119 தான் தீயணைப்புப் படை, அவுஸ்திரேலியாவில் 000, பிரித்தானியாவில் 999. இப்படிப் பல நாட்டு எண்கள் சேர்ந்த பட்டியலில் எங்களுடைய 119 உம் அடங்கிவிட்டது. 1990 அதில் இல்லை.

இந்தப் பட்டியலில் உள்ள எண்ணை அழுத்தியதும் போன் நடந்துகொள்ளும் விதமே மாறிவிடும். சொந்தக் கம்பனியின் டவரைத்தான் பிடிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு விலகும். பக்கத்தில் எந்தக் கம்பனியின் டவர் கேட்கிறதோ அதனிடம், "இது அவசர கோல்" என்று சொல்லி வழி கேட்கும். சிம் இல்லாததால் உங்கள் எண்ணைச் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாகப் போனின் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் கொடுக்கும். இன்னொன்று, 2ஜி, 3ஜி கோல்களில் நீங்கள் அழுத்திய இலக்கங்கள் டவருக்குப் போவதே இல்லை. "அவசரம்" என்ற செய்தி மட்டும்தான் போகும். அதை எந்த நிலையத்துக்குத் திருப்புவது என்று நெட்வேர்க் தன் ஏற்பாட்டின்படி முடிவு செய்யும். ஆகவே 112 ஐ அழுத்தினால் "112 என்று எங்கள் நாட்டில் ஒருவரும் இல்லையே" என்று யோசிக்கத் தேவையில்லை. எடுப்பவர் பொலிஸாக இருக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வைத்து, முதல் வசனத்திலேயே "அம்புலன்ஸ் வேண்டும்" என்று சொல்லுங்கள்.

இப்போது இதன் எல்லையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நம்பி அம்மம்மாவைத் தனியே விடக் கூடாது. சிம் இல்லாத போன் கேட்கும், ஆனால் நெட்வேர்க் மறுக்கலாம். ஐஎம்இஐ மட்டும் வைத்துக்கொண்டு வரும் கோலை ஏற்பதா இல்லையா என்பது நாட்டுக்கு நாடு, நெட்வேர்க்குக்கு நெட்வேர்க் எடுக்கும் முடிவு. ஜெர்மனியில் 2009 இலிருந்து சிம் இல்லாமல் அவசர கோல் எடுக்க முடியாது. பிரித்தானியாவிலும் சிம் உள்ளே இருக்க வேண்டும். ஜெர்மனி அப்படி மாற்றியதற்குக் காரணம் விளையாட்டுக் கோல்கள். சிம் இல்லாத போனில் யார் எடுத்தார்கள் என்று பிடிக்க முடியாது, திருப்பி எடுக்கவும் முடியாது. பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்த பழைய போன்களிலிருந்தும் இப்படிப் போகும். புதிய அன்ட்ரொயிட் போன்கள் பலவற்றில் பவர் பட்டனை ஐந்து தரம் அழுத்தினாலே அவசர கோல் தொடங்கிவிடும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு போன் குழந்தையின் கையில் இருந்தால், செட்டிங்கில் அந்த வசதியை நிறுத்திவிட்டுக் கொடுங்கள்.

அடுத்து, சிம் இருந்தும் இல்லாத மாதிரியான நிலை. நெடுநாள் ரீலோட் போடாமல் விட்ட சிம்மைக் கம்பனி நிறுத்திவிடும். போனுக்குள் சிம் இருக்கும், ஆனால் நெட்வேர்க் அதை ஏற்காது. அப்போது திரையில் கம்பனிப் பெயர் வராது. "Emergency calls only" என்று வரும், தமிழில் வைத்திருந்தால் "அவசர அழைப்புகள் மட்டும்" என்று வரும், ஐபோனில் "SOS" என்று வரும். இந்த நிலையில் 1990 போகாது. 112 தான் நிச்சயமான தெரிவு. ஏன் 119 ஐ முதலில் சொல்லவில்லை என்றால், சிம் உள்ளே இருக்கும்போது 119 ஐ அவசர எண்ணாகப் போன் எடுப்பது அந்தச் சிம்மிலோ நெட்வேர்க்கிலோ பதிந்துள்ள பட்டியலைப் பொறுத்தது. 112 க்கு அந்தச் சார்பு இல்லை. இன்னொரு வாசகம் "No service". அது வந்தால் எந்தக் கம்பனியின் டவரும் கேட்கவில்லை என்று அர்த்தம். அங்கே எந்த எண்ணும் உதவாது. இடம் மாற வேண்டும், மேட்டுக்கோ திறந்த வெளிக்கோ.

சரி, ஒரு உதாரணம் எடுப்போம். இரவு பத்து மணி, காரைநகர் போகும் பொன்னாலைப் பாலத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் சறுக்கி ஒருவர் விழுந்துகிடக்கிறார். அங்கே மூன்று போன் இருக்கிறது. ஒன்று உங்களுடையது, காசு இல்லை. ஒன்று உங்கள் தம்பியுடையது, பாட்டுக் கேட்க மட்டும், சிம் இல்லை. மூன்றாவது விழுந்தவருடையது, லொக் போட்டிருக்கிறது.

உங்கள் போனில் கம்பனிப் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் 1990. வேலை முடிந்தது, மற்ற இரண்டையும் தொடத் தேவையில்லை. இதுதான் மூன்றிலும் நல்ல வழி. நேரே அம்புலன்ஸ்காரரிடம் போகிறது, உங்கள் எண்ணும் அவர்களுக்குத் தெரிகிறது, இடம் பிடிபடாவிட்டால் திருப்பி எடுப்பார்கள். அதனால் அந்த நேரம் போனை மற்றவர்களோடு கதைக்கப் பாவிக்காதீர்கள்.

பாலத்தில் உங்கள் கம்பனிக்கு சிக்னல் இல்லை, "Emergency calls only" என்று நிற்கிறது என்று வைப்போம். அப்போது அதே போனில் 112. வேறு கம்பனியின் டவர் வழியாகப் போகும். அதுவும் சரிவரவில்லை என்றால் விழுந்தவரின் போன். லொக் திரையின் கீழே "Emergency" என்று ஒரு பட்டன் இருக்கும், கடவுச்சொல் தேவையில்லை. அங்கே 1990 ஐ அழுத்தினால், சிம் நன்றாக இருந்தாலும், "not an emergency number" என்று போன் மறுக்கக்கூடும். அந்தத் திரை அவசரப் பட்டியலில் உள்ள எண்களை மட்டும்தான் விடும். மறுத்தால் நேரத்தை வீணாக்காமல் 112 அல்லது 119. தம்பியின் சிம் இல்லாத போன் கடைசி. அதிலும் 119 அல்லது 112.

கோல் எடுபட்டதும் இடத்தைச் சொல்லும் விதம் முக்கியம். எடுப்பவர் எங்கள் ஊரைத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்றில்லை. "பாலத்தடியில்" என்றால் அவருக்கு விளங்காது. "யாழ்ப்பாண மாவட்டம், பொன்னாலையிலிருந்து காரைநகர் போகும் பாலம், பொன்னாலைப் பக்கத்து முனையில்" என்று பெரியதிலிருந்து சின்னதுக்கு வாருங்கள். பிறகு எத்தனை பேருக்குக் காயம், மூச்சு இருக்கிறதா, இரத்தம் போகிறதா. சிம் இல்லாத போனில் எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள்: "இந்தப் போனுக்குத் திருப்பி எடுக்க முடியாது." அவர்கள் வைக்கச் சொல்லும்வரை நீங்கள் வைக்காதீர்கள், ஏனென்றால் அறுந்தால் திரும்ப இணைவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

இப்போது அம்மம்மாவின் போன். பலர் "ஒருக்கா 119 அழுத்திப் பார்ப்போமே" என்று நினைப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். அது உண்மையான கோலாகப் போய் இன்னொருவரின் இடத்தைப் பிடிக்கும். நான் சொல்வது, அதில் ஒரு சிம் போடுங்கள். வெறும் சிம், இடைக்கிடை சின்ன ரீலோட் மட்டும், அது நிறுத்தப்படாமல் இருக்க. பிறகு சோதிப்பது சுலபம். உங்கள் போனிலிருந்து அதற்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுங்கள். மணி அடித்தால் சிம் உயிரோடு இருக்கிறது. அந்தப் போனிலிருந்து கம்பனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு ஒருக்கா எடுங்கள். அது போனால் வெளிக்கோலும் அடைபடவில்லை. இரண்டும் சரியென்றால் அம்மம்மா 1990 ஐ நேரே எடுக்கலாம். மாதத்துக்கு ஒருக்கா இந்த மிஸ்ட் கோலைக் கொடுத்துப் பாருங்கள், சார்ஜ் இருக்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

சிம் போடவே வழியில்லை, ஆனால் வீட்டில் வைஃபை இருக்கிறது என்றால், அந்தப் போனிலிருந்து வட்ஸ்அப்பில் உங்களுக்கு எடுக்கலாம். வட்ஸ்அப்பிலிருந்து 1990 க்கோ 119 க்கோ போக முடியாது. கோல் வந்ததும் நீங்கள் உங்கள் போனிலிருந்து 1990 க்கு எடுத்து அம்மம்மாவின் வீட்டு இடத்தைச் சொல்ல வேண்டும். அதற்காக அந்த வீட்டின் விலாசத்தையும், பக்கத்துச் சந்தியையும், கோயிலையும் ஒரு தாளில் எழுதி உங்களிடமும் ஒன்று, அம்மம்மாவின் போனுக்குப் பின்னாலும் ஒன்று ஒட்டிவையுங்கள். தாளின் மேலே பெரிதாக, சிம் போட்டால் 1990, இல்லாவிட்டால் 119 என்று எழுதுங்கள்.