நீலப் புகை எப்போது வருகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய மோட்டார் சைக்கிளின் சைலன்சரில் நீலப் புகை தெரிந்தால், பட்டறையில் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "போர் போய்விட்டது, பிஸ்டன் மாற்ற வேண்டும்." பல வண்டிகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அதே நீலப் புகை, வால்வுக்கு மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறிய ரப்பர் சீல் கெட்டுப்போனாலும் வரும். ஆயிலைக் கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டாலும் வரும். எஞ்சினைப் பிரிக்கும் முன்பே இந்த மூன்றையும் பெருமளவு பிரித்தறிய முடியும் என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

நான் பேசுவது நம் ஊர்களில் இன்னும் லட்சக்கணக்கில் ஓடுகிற 100 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளைப் பற்றி. ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகள் பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்தே எரிப்பவை. அவற்றில் ஓரளவு புகை இயல்பு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் எரிவதற்கு இடமே இல்லை. எரிகிறது என்றால், போகக் கூடாத வழியில் அது எரியறைக்குள் போகிறது என்று பொருள். குளிர்ந்த காலையில் முதல் சில நிமிடம் வரும் வெள்ளைப் புகை நீராவி. கரும்புகை பெட்ரோல் அதிகமாகப் போவதைக் காட்டும். ஆயில் எரியும்போது வரும் புகைக்கு வெளிர்நீல நிறமும், மூக்கை உறுத்தும் தீய்ந்த நெடியும் இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது ஆயில் அளவு. வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைக்க வேண்டும். மேலே ஏறிய ஆயில் கீழே இறங்க இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து, டிப் ஸ்டிக்கைக் கழற்றித் துடைத்து மறுபடி உள்ளே வைக்க வேண்டும். பல 100 சிசி வண்டிகளில் அதைத் திருகாமல், துளையின் விளிம்பில் சும்மா உட்காரவைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். திருகி உள்ளே செலுத்தினால் குச்சி இன்னும் கீழே இறங்கி, இருப்பதைவிட அதிக ஆயில் இருப்பதாகக் காட்டும். உங்கள் வண்டிக்கு எது முறை என்பது கையேட்டில் இருக்கும். பக்கவாட்டு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்த அளவை நம்பவே கூடாது.

மேல் கோட்டைத் தாண்டி ஆயில் இருந்தால், சுழலும் பாகங்கள் அதை அடித்துச் சிதறவைக்கும். கிராங்க் கேஸிலிருந்து காற்று வெளியேறும் பிரீதர் குழாய் வழியாக அந்த ஆயில் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஏறி, உறிஞ்சப்படும் காற்றோடு எஞ்சினுக்குள் போய் எரியும். ஏர் ஃபில்டர் ஆயிலில் ஊறியிருந்தால் இந்தச் சந்தேகம் வலுக்கும். கூடுதலாக இருப்பதை வடித்து, பெட்டியைத் துடைத்து, ஃபில்டரைச் சுத்தம் செய்தாலோ மாற்றினாலோ போதும். இன்னொரு விதமும் உண்டு. யாரும் ஊற்றாமலேயே அளவு உயர்ந்து, ஆயில் நீர்த்து, பெட்ரோல் வாடை அடிக்கும். கார்புரேட்டரின் ஃப்ளோட் நீடில் சரியாக மூடாமல், இரவில் திறந்துகிடந்த பெட்ரோல் காக் வழியாக இறங்கிய பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்கிறது. அந்த ஆயிலோடு வண்டியை ஓட்டக் கூடாது. அதில் வழவழப்பு போய்விட்டது. நீடிலைச் சரிசெய்து, ஆயிலை முழுவதும் மாற்றிய பிறகே கிக்கரை உதைக்க வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் புகை வந்தால், அது எப்போது வருகிறது என்று கவனிக்க வேண்டும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். பின்னால் இன்னொரு வண்டியில் நண்பர் ஒருவர் வந்தால் போதும்.

வால்வுத் தண்டு ஒரு கைடுக்குள் மேலும் கீழும் ஓடுகிறது. மேலே கேம் ஷாஃப்டை நனைக்கும் ஆயில் அந்த இடுக்கு வழியாகக் கீழே வராமல் தடுப்பதுதான் சீலின் வேலை. வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுதும் விட்டால், எஞ்சின் காற்றை இழுக்கப் பார்க்கிறது, வழியோ மூடியிருக்கிறது. இன்லெட் பக்கத்தில் பலத்த உறிஞ்சல் உண்டாகி, கெட்ட சீல் வழியாக ஆயிலை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபடி முறுக்கியதும் அது ஒரே மொத்தமாகப் புகையாக வரும். இரவு முழுவதும் நின்ற வண்டியில் மேலிருந்து ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு பெரிய நீலப் புகை வந்து, சற்று நேரத்தில் தெளிந்துவிடும்.

பிஸ்டன் ரிங் கதை வேறு. மேலே இருக்கும் இரண்டு ரிங்குகள் எரியறையின் அழுத்தத்தைத் தாங்குகின்றன. மூன்றாவதாக உள்ள ஆயில் ரிங், சிலிண்டர் சுவரில் படியும் ஆயிலை வழித்துக் கீழே அனுப்புகிறது. இவை தேய்ந்தால் இரண்டு தொல்லைகள் சேர்ந்தே வரும்: ஆயில் மேலே ஏறும், எரிந்த வாயு கீழே இறங்கும். மேடு ஏறும்போதும் இருவரோடு இழுக்கும்போதும் புகை தொடர்ந்து வரும். எஞ்சின் சூடாகி ஆயில் இளகியபின் இன்னும் கூடும். இழுவை குறைந்திருக்கும். எஞ்சின் ஓடும்போது பிரீதர் குழாயைக் கழற்றி விரல் வைத்துப் பார்த்தால், லேசான துடிப்புக்குப் பதிலாகப் புகையும் ஆயில் ஆவியும் வேகமாக அடிக்கும்.

ஏற்காடு மலைப்பாதையில் காய்கறி ஏற்றிச் செல்லும் ஒருவரின் வண்டியைச் சொல்கிறேன். 100 சிசி, பதினைந்து ஆண்டைத் தாண்டியது. வேறொரு பட்டறையில் போர் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மலை ஏறும்போது புகை வருகிறதா என்று கேட்டேன். சுமையோடு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியும் புகை இல்லை என்றார். இறங்கி அடிவாரம் வந்து ஆக்சிலேட்டரை முறுக்கும்போதுதான் பின்னால் வருபவர் திட்டுகிற அளவுக்குப் புகை. காலையிலும் ஒரு முறை. இது ரிங் பேசும் பேச்சு அல்ல.

ஆனாலும் கம்ப்ரஷன் பார்த்துவிடுவோம் என்றேன். எஞ்சின் சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றி, அந்த இடத்தில் மீட்டரைப் பொருத்தி, ஆக்சிலேட்டரை முழுதும் திறந்து வைத்து, முள் மேலே ஏறுவது நிற்கும்வரை கிக்கரை உதைக்க வேண்டும். ஆக்சிலேட்டரைத் திறக்க மறந்தால் நல்ல எஞ்சினும் கெட்டதாகத் தெரியும். மீட்டர் சதுர சென்டிமீட்டருக்கு 11 கிலோ காட்டியது. அந்த வயதுக்கு நல்ல அளவு. பிறகு பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் ஊற்றி மறுபடி உதைத்தோம். ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்து அளவைச் சட்டென்று உயர்த்தியிருக்கும். இங்கே முள் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. அதைப் பலர் சொல்வதில்லை. கம்ப்ரஷன் நன்றாக இருப்பதால் ரிங் முழுவதும் நலம் என்று முடிவுகட்ட முடியாது. மேல் ரிங்குகள் நன்றாக இருந்து, ஆயில் ரிங் மட்டும் கரி பிடித்து அதன் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டாலும் அளவு குறையாது, புகை மட்டும் வரும். வால்வு சீலோ கம்ப்ரஷனோடு சம்பந்தமே இல்லாதது. எனவே மீட்டரையும் புகை வரும் நேரத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அந்த வண்டியின் ஹெட்டை இறக்கினோம். இன்லெட் வால்வின் பின்புறம் ஆயில் எரிந்த கரி கெட்டியாகப் படிந்திருந்தது. சீல் ரப்பர் காய்ந்து இறுகியிருந்தது. நகத்தால் அழுத்தினால் பதியவில்லை. வால்வைச் சற்றே உயர்த்திப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தோம், ஆட்டம் அதிகமில்லை. இது முக்கியம். கைடு தேய்ந்து வால்வு ஆடினால் புதுச் சீலும் சில மாதங்களில் கிழிந்துவிடும். அப்போது கைடையும் மாற்ற வேண்டும். இரண்டு சீல்களையும் மாற்றி, வால்வுகளைச் சுத்தம் செய்து கிரைண்டிங் பேஸ்ட் போட்டு இருக்கையில் உட்காரவைத்து, புது ஹெட் கேஸ்கெட்டோடு மூடினோம். இத்தகைய எஞ்சின்களில் ஹெட்டையும் சிலிண்டரையும் சேர்த்தே நீளமான போல்ட்டுகள் பிடித்திருக்கும். ஹெட்டைத் தூக்கும்போது சிலிண்டரும் அசைந்துவிட்டால் அடியிலுள்ள கேஸ்கெட்டையும் மாற்றிவிடுவதே நல்லது; இல்லையென்றால் அங்கே ஆயில் கசியும்.

ரிங்தான் காரணம் என்று தெரிந்தால், ரிங் செட்டை மட்டும் வாங்கி மாட்டிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். சிலிண்டரைப் பார்க்காமல் அதைச் செய்யாதீர்கள். சிலிண்டர் மேல்பகுதியில், ரிங் திரும்பும் இடத்தில்தான் அதிகம் தேயும். அங்கே விரலால் தடவும்போது ஒரு விளிம்பு தட்டுப்பட்டால், புது ரிங் அதில் மோதி உடையலாம். வட்டம் சிதைந்து நீள்வட்டமாகியிருந்தால் எந்த ரிங்கும் சுவரோடு பொருந்தாது. சில வாரங்களில் பழைய புகை திரும்பிவிடும். லேத் பட்டறையில் போர் கேஜ் வைத்து அளந்து, தேவைப்பட்டால் 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனுக்குப் போர் போட்டு ஹானிங் செய்வதே சரி. சிலிண்டர் நல்ல நிலையில் இருந்தால், புது ரிங்கைப் பிஸ்டனால் தள்ளிச் சிலிண்டருக்குள் நேராக நிறுத்தி, அதன் இரு முனைகளுக்கும் இடையே ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். கையேட்டின் அளவுக்குள் இருந்தால் மாட்டலாம். மாட்டும்போது எழுத்து உள்ள பக்கம் மேலே வர வேண்டும். ரிங்குகளின் வாய்கள் ஒரே நேர்கோட்டில் அமையக் கூடாது.

வேலை செய்யப் பணம் இப்போது இல்லை, சில மாதம் ஓட்டியாக வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் எஞ்சினைக் கொல்வது புகை அல்ல, குறையும் ஆயில். 900 மில்லி ஊற்றும் வண்டி 1,000 கிலோமீட்டரில் 300 மில்லி குடித்தால், அடுத்த ஆயில் மாற்றும்வரை காத்திருக்க முடியாது. கேம் ஷாஃப்ட், கிளட்ச், கியர் எல்லாம் நனைவது அதே ஆயிலில்தான். வாரம் ஒரு முறை அளவு பார்த்து, குறைந்ததை மட்டும் ஊற்றுங்கள். புகையை மறைக்கக் கார் ஆயிலை ஊற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள். பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருள் இருக்கும், ஆயிலில் நனைந்து ஓடும் கிளட்ச் அதனால் வழுக்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ என்ற குறியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சீலோ ரிங்கோ மாற்றிய பிறகும் சில நாட்கள் நீலப் புகை வரலாம். சைலன்சருக்குள் ஏற்கெனவே படிந்த ஆயில் சூட்டில் எரிந்து தீர வேண்டும். அந்தப் புகை நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். ஆயில் அளவும் இறங்காது. இரண்டும் அப்படி இருந்தால் மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகத் தேவையில்லை. போர் போட்ட வண்டி என்றால் முதல் 500 கிலோமீட்டர் வரை அதிக சுமை ஏற்றாமல், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமல், ஆக்சிலேட்டரை மிதமாக ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். அதன் பிறகு ஆயிலை மாற்றிவிடுங்கள்; புது ரிங்கும் சுவரும் உரசிப் பொருந்தியபோது உதிர்ந்த இரும்புத் துகள்கள் அதில்தான் இருக்கும்.

நன்றி, வணக்கம்.