கவிழ்த்துப் பார்க்க முடியாத குக்கர்

காரைக்குடி வட்டாரப் பள்ளிகளின் குடிமக்கள் நுகர்வோர் மன்ற மாணவ மாணவியருக்கும், வீட்டிலிருந்தபடி கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கும் என் வணக்கம்.

நம் செட்டிநாட்டில் பாத்திரம் ஒன்று கைக்கு வந்தால் அதைக் கவிழ்த்துப் பார்ப்பது வழக்கம். விளிம்பிலோ அடியிலோ வீட்டு விலாசத்தின் எழுத்துகள் வெட்டியிருக்கும். திருமணத்துக்குச் சாமான் பரப்பி, விசேஷம் முடிந்து எடுத்து வைக்கும்போது எது எந்த வீட்டுப் பாத்திரம் என்பதை அந்த எழுத்துகளே சொல்லிவிடும். நெடுங்காலம் பாத்திரக்கடையில் இருந்தவன் என்ற முறையில் நான் பார்த்தது, குக்கர் வாங்க வருகிறவர்களும் அதே பழக்கத்தில் அதைக் கவிழ்த்து, அடியில் குத்தியிருக்கும் முத்திரையைத் தேடுவார்கள் என்பதுதான். இப்போது அதே குக்கரைக் கைப்பேசியில் படம் பார்த்து வாங்குகிறோம். படத்தைக் கவிழ்க்க முடியாது. ஆகவே, அந்த அடிப்பகுதியை நமக்குக் காட்டும்படி விற்பவரைக் கேட்பது எப்படி, காட்டியதைச் சரிபார்ப்பது எப்படி என்பதை மட்டும் இன்று பேசுகிறேன்.

குக்கரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஆவி அடைபடுவதால் குக்கருக்குள் வெப்பம் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வரை உயர்கிறது. விசில் வரும் துவாரத்தில் பருப்புத் தோல் அடைத்துக்கொண்டால், மூடியிலுள்ள பாதுகாப்பு வால்வு உரிய நேரத்தில் திறந்து ஆவியை வெளியேற்றியாக வேண்டும். அந்த வால்வு வேலை செய்யுமா என்பதைப் படத்திலும் பார்க்க முடியாது, கடையில் நேரில் நின்றும் பார்க்க முடியாது. அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு நம்மிடம் இருக்கும் அடையாளம் ஐ.எஸ்.ஐ. முத்திரை. வீட்டு உபயோகக் குக்கருக்கு அந்த முத்திரை 2021 பிப்ரவரி முதல் கட்டாயம். முத்திரையில்லாத குக்கரை இந்தியாவில் விற்கக் கூடாது, இணையத்திலும் கூடாது. ஆயினும் விற்கப்பட்டன. ஒரு தளத்தின் வழியே விற்ற 2,265 குக்கர்களை வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, குக்கரைத் திரும்பப் பெற்று, பணத்தைத் திருப்பித் தருமாறு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் உத்தரவிட்டது.

இனி, முத்திரை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். கையில் பென்சில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஐ.எஸ்.ஐ. சின்னம். அதன் மேலே தர எண். குக்கருக்கு அது IS 2347. சின்னத்தின் கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண். சி, எம், ஒரு சாய்கோடு, எல், அதன்பின் 7 அல்லது 10 இலக்கங்கள். மேலே ஒரு எண், நடுவே சின்னம், கீழே ஒரு எண். இம்மூன்றும் சேர்ந்தால்தான் முத்திரை. எண்கள் இல்லாத வெறும் சின்னத்தை யார் வேண்டுமானாலும் வரைந்து ஒட்டிவிடலாம்.

கானாடுகாத்தானில் எனக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர், பேத்தியின் திருமணச் சாமானில் சேர்க்க 5 லிட்டர் குக்கர் ஒன்றைக் கைப்பேசியில் தேர்ந்தெடுத்துவிட்டு, என்னிடம் காட்டினார். "அண்ணே, இதிலே முத்திரை போட்டிருக்கே, வாங்கிடலாமா?" என்று கேட்டார். படத்தின் ஓரத்தில் சின்னம் பளிச்சென்று இருந்தது. ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால், வளைந்த உலோகத்தின் மேல் இருந்த அந்தச் சின்னம் சற்றும் வளையாமல் தட்டையாக இருந்தது. குக்கரின் மேல் விழுந்த வெளிச்சமும் நிழலும் அதன்மேல் விழவில்லை. உலோகத்தில் குத்திய எழுத்து பள்ளமாக இருக்கும், ஒரு பக்கம் நிழல் தட்டும். இது கணினியில் ஒட்டிய சின்னம். எண் எதுவும் இல்லை. விவரப் பகுதியில் "ஐ.எஸ்.ஐ. தரம்" என்று எழுதியிருந்தது, உரிமம் இல்லாதவரும் அப்படி எழுதிவிட முடியும். கூடவே ஐ.எஸ்.ஓ. 9001 என்றும் இருந்தது. அது தொழிற்சாலையின் நிர்வாக முறைக்கான சான்று. குக்கரைச் சோதித்ததற்கான சான்று அன்று.

ஆச்சி விற்பவரிடம் கேள்வி கேட்கும் பகுதியில், "குக்கரின் அடிப்பகுதியைப் படமெடுத்து அனுப்புங்கள், உரிம எண் தெளிவாகத் தெரிய வேண்டும்" என்று எழுதினார். இரண்டு நாள் கழித்துப் படம் வந்தது. அதில் CM/L எண்ணும் இருந்தது. ஆச்சிக்கு நிம்மதி. எனக்கு இல்லை, ஏனென்றால் எண் இருப்பது வேறு, அந்த எண் இந்தக் குக்கருக்கு உரியது என்பது வேறு. ஐ.எஸ்.ஐ. முத்திரையிட உரிமம் தரும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் BIS CARE செயலியில் உரிமத்தைச் சரிபார்க்கும் பகுதி இருக்கிறது. அதில் எண்ணை இட்டோம். உரிமம் பெற்றவரின் பெயர், முகவரி, பொருள், தர எண், உரிமம் நடப்பில் உள்ளதா என்பன வந்தன. உரிமம் நடப்பில்தான் இருந்தது. ஆனால் பொருள் குக்கர் அன்று, மின்கம்பி. தர எண்ணும் IS 2347 அன்று. வேறொருவரின் எண்ணை எடுத்துக் குத்தியிருக்கிறார்கள். ஆச்சி அதை வாங்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் எண்ணை இட்டு "செல்லுபடியாகும்" என்று வந்தவுடனே நின்றுவிடுகிறவர்கள் பலர். அதற்கு மேலும் மூன்றைப் பாருங்கள். பொருள் அதுதானா? விற்பனைப் பக்கத்தில் தயாரிப்பாளர் என்று போட்டிருக்கும் பெயரும் முகவரியும், செயலியில் வருவனவும் ஒன்றா? நாம் வாங்கும் அளவும் வகையும் அந்த உரிமத்தில் அடங்குமா? 3 லிட்டருக்கு மட்டும் பெற்ற உரிமத்தைக் காட்டி 5 லிட்டரை விற்க முடியாது. விற்பனைப் பக்கத்தில் தயாரிப்பாளரின் பெயரே இல்லையென்றால் அங்கேயே விலகிவிடலாம். பொட்டலப் பொருள்களின் விவரங்களை இணையப் பக்கத்திலும் காட்ட வேண்டும் என்பது விதி.

இவ்வளவையும் பார்த்த பிறகும் ஒரு குறை எஞ்சும். நீங்கள் பார்த்த படத்திலுள்ள குக்கரும் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும் குக்கரும் ஒன்றுதான் என்று படம் சொல்லாது. எனவே, பெட்டியைத் திறந்ததும், அடுப்பில் வைப்பதற்கு முன்னால், கவிழ்த்து அடியிலுள்ள எண்ணைப் படத்திலிருந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால் அப்போதே படமெடுத்து, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் விற்பவருக்கு அனுப்புங்கள். கைப்பேசித் திரையில் தெரியும் விற்பனைப் பக்கத்தை வாங்கும் நாளிலேயே படமெடுத்து வைத்திருந்தால் நல்லது. பக்கத்தை அவர்கள் பின்னால் மாற்றிவிடக்கூடும்.

நேரம் நெருங்கிவிட்டது. தங்க நகையைப் பற்றியும் கைப்பேசி சார்ஜரைப் பற்றியும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். ஹால்மார்க் நகையில் அமைவனத்தின் சின்னம், தூய்மை, எழுத்தும் எண்ணும் கலந்த 6 இடக் குறியீடு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். அந்தக் குறியீட்டையும் அதே செயலியில் இட்டுப் பார்க்கலாம். சார்ஜரில் R- என்று தொடங்கும் பதிவு எண்ணைத் தேடுங்கள். அதற்கும் செயலியில் இடம் உண்டு. விற்பவர் பதில் தரவில்லையென்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போலி முத்திரை பற்றிய புகாரைச் செயலியிலேயே பதிவு செய்யலாம். எடுத்து வைத்த படங்களையும் அதோடு இணைத்து அனுப்புங்கள். நன்றி, வணக்கம்.