ஜனவரியிலதான் சூரியன் கிட்ட இருக்கு!

வணக்கம். "பூமி சூரியன்கிட்ட போனா கோடை, தள்ளிப் போனா குளிர்." நிறைய பேர் மனசுல இப்படித்தான் பதிஞ்சிருக்கு. ஆனா பூமி சூரியனுக்கு ரொம்பக் கிட்ட வர்றது ஜனவரி முதல் வாரத்துல, சுமாரா 14.7 கோடி கிலோமீட்டர். ரொம்பத் தள்ளிப் போறது ஜூலை முதல் வாரத்துல, 15.2 கோடி. டில்லி குளிர்ல நடுங்குற அதே ஜனவரியிலதான் மெல்போர்ன்ல கோடை கொளுத்துது. தூரம்தான் காரணம்னா ரெண்டு ஊரும் சேர்ந்துல்ல சுடணும்?

நிஜக் காரணம் பூமியோட சாய்வு. சரி, அதைப் பாக்க அறையை இருட்டாக்கி, ஒரு டார்ச்ச சூரியனா வெச்சுக்கலாம். இது ஸ்கூல் குளோப், 23.5 டிகிரி சாய்ஞ்சே வரும். டில்லி மேல ஒரு சின்ன பொட்டு ஒட்டியிருக்கேன். டார்ச்சோட உயரம் குளோப்போட நடுவுக்கு நேரா இருக்கணும். மேலேருந்து அடிச்சீங்கன்னா எல்லாமே தப்பாத் தெரியும்.

இப்ப வடதுருவம் டார்ச் பக்கம் சாய்ஞ்சிருக்கு, அதாவது ஜூன். குளோப்ப மெதுவா சுத்துங்க. பொட்டு ரொம்ப நேரம் வெளிச்சத்துலயே இருக்கு பாருங்க. டில்லியில அப்ப பகல் சுமார் 14 மணி நேரம். டிசம்பருக்குக் கொண்டுபோனா பத்தேகால் மணி நேரம்தான்.

அடுத்தது ஒளி விழுற கோணம். கிராஃப் தாள்ல டார்ச்ச நேரா அடிச்சா வட்டம் விழும். கட்டத்த எண்ணி வெச்சுக்குங்க. டில்லியில டிசம்பர் 21 மதியம் சூரியன் அடிவானத்துலேருந்து 38 டிகிரி உயரத்துலதான் நிக்கும். ஒளி தாள்மேல அதே 38 டிகிரி கோணத்துல விழுற மாதிரி தாளச் சாய்ச்சா வட்டம் நீண்டு, கட்டங்கள் ஏறக்குறைய 1.6 மடங்காயிடும். வெளிச்சம் அதேதான், பரவுற இடம்தான் கூடுது. அதனால ஒவ்வொரு கட்டத்துக்கும் கிடைக்கிற சூடு கம்மி. ஜூன்ல 85 டிகிரி, கிட்டத்தட்ட முழு வட்டம்.

நிறைய பேர் சொதப்புற இடம் இதுதான். குளோப்ப டார்ச்ச சுத்தி எடுத்துட்டுப் போறப்ப, ஸ்டாண்டையும் திருப்பி, துருவம் எப்பவும் டார்ச்ச பாக்குற மாதிரி வெச்சுடுவாங்க. அப்புறம் வருஷம் பூரா ஜூன்தான்! சுவத்துல ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்க, அதான் துருவ நட்சத்திரம். குளோப் எங்க போனாலும் அச்சு அந்தச் சுவர் பக்கமே சாய்ஞ்சிருக்கணும். டார்ச்ச மட்டும் குளோப் பக்கம் திருப்பிக்கிட்டே வாங்க.

இன்னொரு வம்பும் இருக்கு. "சாய்ஞ்சதால வடக்கு டார்ச்சுக்குக் கிட்ட வந்துடுச்சு, அதான் சூடு"ன்னு ஒரு பையனாவது சொல்லுவான். தூரக் கதை பின்வாசல் வழியா மறுபடி உள்ள வந்துடும். தப்பு அவன்மேல இல்ல, டார்ச் ஒரு மீட்டர்ல இருக்கறதால அப்படித்தான் தோணும். இந்த 30 சென்டிமீட்டர் குளோப்தான் பூமின்னா, டார்ச்ச மூணரை கிலோமீட்டர் தள்ளி வைக்கணும். அங்கேருந்து பாத்தா, சாய்ஞ்சதால கிட்ட வந்த சில சென்டிமீட்டர் ஒரு பொருட்டே இல்ல.