மணலுக்குள் கிடக்கும் தவளை

(எங்கள் ஊர் நாடக மன்ற ஆண்டு விழாவில் பேசியது. கேட்டவர்கள் சிலர் எழுத்தில் வேண்டும் என்றதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, மூன்று கல்யாண வீடுகளுக்கு நடுவில் நமக்காக ஒரு மணி நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, பத்து வருடமாக நம் ஒத்திகைகளுக்கு டீயும் வடையும் வாங்கித் தந்துவிட்டு ஒரு நாடகத்தைக்கூட முழுதாகப் பார்க்க முடியாமல் போகும் டாக்டர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களே, தாய்மார்களே, கடைசி வரிசையில் நிற்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசியவர் என்னை 'நாடகச் செம்மல்' என்றார். நான் செம்மல் இல்லை. முப்பது வருடமாகப் படுதாவுக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவன், அதாவது பிராம்ப்டர். என் முகத்தைப் பார்த்தவர்கள் இந்த ஊரில் குறைவு. என் குரலைக் கேட்டவர்கள் நிறைய, ஆனால் அவர்கள் கேட்டிருக்கக் கூடாது.

எழுதிய வசனத்தை ஒத்திகையில் வாய்விட்டு வாசித்துப் பார்ப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான்கு சங்கதிகள் குறித்து வைத்திருக்கிறேன். நாக்கு, மூச்சு, காது, எண்கள். அதற்கு முன்னால் ஒரு பழமொழி. நுணலும் தன் வாயால் கெடும். நுணல் என்றால் தவளை. மணலுக்குள் முழுகி மறைந்து கிடக்கிற வரைக்கும் அது யார் கண்ணிலும் படாது. வாயைத் திறந்து கத்தியதும் மாட்டிக்கொள்ளும். வாயாடிகளைக் கண்டிக்கத்தான் இதைச் சொல்வார்கள். நான் வேறு மாதிரி வைத்திருக்கிறேன். தாளில் இருக்கிற தப்பு மணலுக்குள் கிடக்கும் தவளை. கண்ணால் ஆயிரம் தடவை படித்தாலும் அது அசையாது. வாயைத் திறந்தால்தான் கத்தும்.

முதலில் நாக்கு. எனக்கு ரொம்ப வேண்டிய ஒரு கதை, மன்றத்தில் பழைய ஆட்கள் பல தடவை கேட்டதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நமக்கு ஒத்திகைக்கு இடம் அரிசி ஆலைக் கிடங்கு. உமித் தூசியில் வசனம் பேசினால் பாதி வசனம் தும்மல். நாடகம் எழுதியவர் ஒரு தமிழ்ப் புலவர். நல்ல மனிதர், ஆனால் ஒரு எழுத்தை மாற்றச் சொன்னால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கடைசிக் காட்சியில் தாய் கட்டிலில் கிடக்கிறாள், சாகப் போகிறாள். அண்ணன்காரன் தம்பியைப் பார்த்துச் சொல்கிறான்: "வாழ்நாள் முழுவதும் உழைத்துழைத்துக் களைத்த தாயின் தோளில் விழுந்தழ வேண்டிய வேளையில் வாளாவிருக்கிறாயே!"

தாளில் பாருங்கள், எவ்வளவு அழகு. புலவர் வாசித்துக் காட்டியபோது எனக்குக் கண் கலங்கியது. அண்ணன் வேஷம் ஒரு பஸ் கண்டக்டருக்கு. தென்மாவட்டத்துக்காரர். பத்து ஊர்ப் பெயரை ஒரே மூச்சில் கூவி ஆள் ஏற்றுகிற நாக்கு அவருக்கு. முதல் வாசிப்பிலேயே 'விழுந்தழ'வில் தட்டியது. இரண்டாம் தடவையும் அங்கேயே. நான் புலவரிடம், "ஐயா, இது வாயில் நிற்கவில்லை" என்றேன். அவர், "பழகினால் நிற்கும்" என்றார். கண்டக்டரும் விடவில்லை. பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டே இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறார். பக்கத்து சீட்டில் இருந்த அம்மா பயந்துபோய் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்களாம்.

நாடகம் அன்றைக்குக் கோயில் திடலில் நல்ல கூட்டம். கட்டிலில் தாய் முனகுகிறாள். எங்கும் நிசப்தம். கண்டக்டர் முன்னால் வந்து கையை நீட்டிச் சொன்னார்: "வாள்நாள் முளுவதும் உளைத்துளைத்துக் களைத்த தாயின் தோளில் விளுந்தெள வேண்டிய வேளையில் வாளாவிருக்கிறாயே!" விழுந்து அழ வேண்டியவன் விழுந்து எழ வேண்டியவன் ஆகிவிட்டான். தாயின் தோளில் குஸ்தி! அதோடு போயிருந்தால் தப்பித்திருப்போம். கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "வாளா இருக்கு? அரிவாளா இருக்கப்போகுது, நல்லாப் பாரு!" திடல் அதிர்ந்தது. கட்டிலில் செத்துக்கொண்டிருந்த தாயும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அதை அழுகை என்று நினைத்து முன்வரிசைக் கிழவிகள் இரண்டு பேர் அழுதார்கள். எங்களுக்குக் கிடைத்த கண்ணீர் அவ்வளவுதான்.

என்ன நடந்தது என்று பிறகு உட்கார்ந்து பார்த்தேன். அந்த ஒரு வாக்கியத்தில் ழ ஆறு இடத்தில் வருகிறது, ள ஐந்து இடத்தில். ழ-வுக்கு நுனிநாக்கு மேலே வளைந்து அண்ணத்தை ஒட்டியும் ஒட்டாமலும் நிற்க வேண்டும். ள-வுக்கு அதே வளைவில் போய் முட்ட வேண்டும். முட்டு, முட்டாதே, முட்டு, முட்டாதே என்று பத்துச் சொல்லுக்குள் பதினோரு தடவை நாக்குக்கு உத்தரவு போட்டால் அது என்ன செய்யும்? ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். கண்டக்டர் ஊர்ப் பேச்சில் ழ-வும் ள-வும் ஒன்று, அதனால் அவர் நாக்கு ள-வைப் பிடித்துக்கொண்டது. வடக்கே சிலர் வாய்க்குக் கொடுத்திருந்தால் 'வாய்நாள்' ஆகியிருக்கும். யார் பேசப் போகிறார்களோ அவர் வாயில்தான் வாசித்துப் பார்க்க வேண்டும், எழுதியவர் வாயில் அல்ல. எழுதியவருக்கு அடுத்து என்ன வருகிறது என்று தெரியும், அவர் நாக்கு முன்கூட்டியே தயாராகிவிடும்.

அதிலிருந்து நான் வைத்த வழக்கம் ஒன்று. முதல் வாசிப்பில் யாரும் மனப்பாடம் செய்து வரக்கூடாது. வசனத்தை முன்னால் பார்க்காதவர் வாசிக்க வேண்டும். நான் பென்சிலோடு கேட்பேன். நாக்கு தட்டிய இடத்தில் ஒரு சுழி. அப்புறம் அதே பக்கத்தை இன்னொருவர் வாசிப்பார். ஒருவர் மட்டும் தட்டினால் அது அவர் நாக்கு, பயிற்சி போதும். இரண்டு பேரும் ஒரே சுழியில் தட்டினால் அது எழுத்தின் குற்றம், மாற்றத்தான் வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்றேனே, இரண்டு வாயிலும் ஒரே தவளை கத்தினால் மணலைத் தோண்டிவிடலாம்.

அந்த வசனத்தை மறுவருடம் புலவரே மாற்றிக் கொடுத்தார், குடையைக் கீழே வைத்துவிட்டு. "உழைத்தே தேய்ந்தவடா நம் அம்மா. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டாமா? சும்மா நிற்கிறாயே!" ஒரே ஒரு ழ, ஒரு ள. இந்தத் தடவை திடலில் யாரும் சிரிக்கவில்லை.

அடுத்தது மூச்சு. தமிழில் வினை கடைசியில் வருகிறது. 'இல்லை'யும் கடைசியில்தான் வருகிறது. நீள வாக்கியம் எழுதினால், அர்த்தத்தைத் தூக்கி நிறுத்தும் சொல் மூச்சு தீர்ந்த இடத்தில் போய் விழும். ஒரு பள்ளி விழாவில் ஒரு பிள்ளைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள்: "கடந்த ஆண்டு பெய்த பெருமழையில் இடிந்து விழுந்து இன்றுவரை சீர்செய்யப்படாமல் கிடக்கும் நம் பள்ளியின் சுற்றுச்சுவரைக் கட்டித்தர வேண்டும் என்று நான் யாரையும் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை." இருபது சொல். பிள்ளை 'கிடக்கும்' வரை ஒரு மூச்சு, மிச்சத்துக்கு இன்னொரு மூச்சு. 'குறை சொல்வதற்காக' கணீரென்று வந்தது. 'கேட்கவில்லை'யில் 'வில்லை' போயே போய்விட்டது. மேடையில் இருந்த ஒரு பெரிய மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. பிள்ளை குறை சொல்கிறது என்றுதான் அவர் காதில் விழுந்தது. சுவர் வந்ததா என்று கேட்காதீர்கள்.

வாசிப்பவர் மூச்சு எடுக்கிற இடத்திலெல்லாம் தாளில் ஒரு சாய்கோடு போட்டுக்கொள்ளுங்கள். மூச்சு எடுக்கச் சொல்லாதீர்கள், அவராக எடுக்கட்டும். பிறகு கோடுகளைப் பாருங்கள். 'சீர்செய்யப்படாமல் கிடக்கும்' என்பதற்கும் அது தழுவி நிற்கிற 'சுவர்' என்பதற்கும் நடுவில் கோடு விழுந்தால், கேட்பவனுக்குக் கிடப்பது என்ன என்று தெரிவதற்குள் மூச்சு அறுந்துவிட்டது என்று அர்த்தம். அந்த வாக்கியத்தை வெட்ட வேண்டும். "நம் பள்ளிச் சுற்றுச்சுவர் போன மழையில் விழுந்தது. இன்னும் அப்படியே கிடக்கிறது. யாரையும் குறை சொல்லவில்லை. கட்டிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்." 'இல்லை'க்குத் தனியாக ஒரு மூச்சு கிடைத்துவிட்டது. இதில் ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் மூன்று சொல் வாக்கியமாக வெட்டினால் தந்தி வாசிப்பது போல ஆகிவிடும். அதையும் காதுதான் சொல்லும்.

காது என்றதும் ஞாபகம் வருகிறது. 'செம்பொன்பதின்தொடி' என்று இலக்கணக்காரர்கள் காட்டும் உதாரணம் ஒன்று உண்டு. செம்பொன் பதின் தொடி என்றால் பொன், பத்துத் தொடி எடை. செம்பு ஒன்பதின் தொடி என்றால் செம்பு, ஒன்பது தொடி. எழுத்து ஒன்று, சொல்லும் விதத்தில்தான் பொன்னா செம்பா என்று தெரியும். இசையால் இது வேறுபடும் என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. முன்வரிசை ஆசிரியர்கள் தலையாட்டுகிறார்கள், நன்றி. இதை விரிவாகச் சொல்ல ஆசைதான், ஆனால் உறுப்பினர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர் கிளம்புவதற்குள் நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். எண்கள் அடுத்த வருடம்.

நான் சொன்ன இந்த வாசிப்பெல்லாம் எங்கே நடக்கும்? வாய்விட்டு வாசிக்க நாலு சுவர் வேண்டும். அரிசி ஆலை இப்போது இல்லை, கல்யாண மண்டபம் ஆகிவிட்டது, வாடகை நமக்குக் கட்டாது. வீட்டில் வாசித்தால் சண்டை என்று பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்கிறார்கள். படிப்பகத்தில் உட்கார்ந்தால் 'அமைதி காக்கவும்' என்று பலகை. அது சரியான பலகைதான், குறை சொல்லவில்லை (பார்த்தீர்களா, 'இல்லை'யை எவ்வளவு அழுத்திச் சொன்னேன்). ஆனால் அதே படிப்பகத்துக்கு மாடியில் ஓர் அறை இருக்கிறது. பூட்டிக் கிடக்கிறது. பழைய தேர்தல் பெட்டியும் உடைந்த நாற்காலியும் இருப்பதாகக் கேள்வி. சாயங்காலம் ஆறு முதல் எட்டு வரை எங்களுக்கு அது போதும். கூட்டிப் பெருக்கிக்கொள்கிறோம், விளக்கு நாங்களே போட்டுக்கொள்கிறோம். நம் பள்ளிப் பிள்ளைகளின் ஆண்டு விழா நாடகம், பேச்சுப் போட்டி எல்லாம் அங்கே ஒரு தடவை வாய்விட்டு வாசிக்கப்பட்டு மேடைக்குப் போகட்டும். தவளைகள் மாடியறையிலேயே கத்தித் தீரட்டும், திடலுக்கு வர வேண்டாம்.

இதற்காக ஒரு மனு எழுதியிருக்கிறேன். நேற்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். "மேற்படி படிப்பகத்தின் மேல்தளத்தில் பயன்பாடின்றி நெடுங்காலமாகப் பூட்டப்பட்டிருக்கும் அறையினைப் பொதுநலன் கருதித் திறந்துவிட ஆவன செய்யுமாறு தங்களைத் தாழ்மையுடன் வேண்டி விழைகிறோம்" என்று ஆரம்பம். என் வழக்கப்படி சத்தமாக வாசித்தேன். 'தாழ்மையுடன் வேண்டி விழைகிறோம்' என்ற இடத்தில் தட்டியது. என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அவளுக்கும் அங்கேயே தட்டியது. "என்னதான் வேணும் உங்களுக்கு?" என்றாள். சொன்னேன். "அதை எழுதுங்களேன்" என்றாள்.

மாற்றிய மனு என் பையில் இருக்கிறது. இரண்டே வரி. உறுப்பினர் அவர்களே, இங்கேயே வாசித்துவிடுகிறேன்: "ஐயா, படிப்பக மாடி அறையின் சாவி வேண்டும். தினமும் எட்டு மணிக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்."